பில் போட்ட நாள் வேறு, சம்பாதித்த நாள் வேறு

கேள்வி: கோவையில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறோம். கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட் மென்பொருள் தருகிறோம். ஆண்டுச் சந்தா 24,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. புதிய கிளினிக்காக இருந்தால் ஒருமுறை செட்டப் கட்டணம் 6,000 ரூபாய். இப்போது 60 கிளினிக் இருக்கிறது. அதில் 40 பேருக்குப் புதுப்பிக்கும் தேதி ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வருகிறது. இன்வாய்ஸ் அந்தத் தேதியில் தானாகவே போய்விடும். போட்ட இன்வாய்ஸை எல்லாம் விற்பனை என்றே எழுதிவந்தோம். 2024-25 கணக்கை முடிக்கும்போது புதிய ஆடிட்டர், "இதில் பெரும்பகுதி இந்த வருஷத்து வருமானமே இல்லை" என்கிறார். இன்வாய்ஸ் போட்டு, பணமும் வந்து, ஜி.எஸ்.டி.யும் கட்டிய பிறகு அது எப்படி வருமானம் இல்லாமல் போகும்? (வாசகர், கோவை)

பதில்: உங்கள் ஆடிட்டர் சொல்வது சரி. ஒரு மாதப் பத்திரிகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் முழு ஆண்டுச் சந்தாவையும் வாங்கிக்கொண்ட அலுவலகம் மார்ச் கடைசிக்குள் மூன்று இதழ்தான் அனுப்பியிருக்கும். மீதி ஒன்பது இதழ் சந்தாதாரருக்கு இன்னும் பாக்கி. அந்த ஒன்பது இதழுக்கான பணம் கல்லாவில் இருந்தாலும் இன்னும் சம்பாதித்த பணம் ஆகாது. இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் 1985-இல் வெளியிட்ட கணக்கியல் தரநிலை 9, பத்திரிகைச் சந்தாவை ஓர் எடுத்துக்காட்டாகவே தருகிறது: வாங்கிய சந்தாவைத் தள்ளிவைத்து, காலம் போகப் போகச் சமமாகப் பிரித்து வருமானத்தில் எடு என்கிறது. சேவைகளுக்கும் அதே தரநிலையில் வழி உண்டு. ஒரு குறிப்பிட்ட காலம் முழுக்க, இத்தனை முறை என்று எண்ண முடியாதபடி சேவை நடந்துகொண்டே இருந்தால், வருமானத்தை அந்தக் காலத்தின் மீது சமமாகப் பரப்ப வேண்டும். உங்கள் மென்பொருள் அப்படிப்பட்டது. கிளினிக்காரர் எத்தனை தடவை லாகின் செய்தார் என்பது கணக்கே இல்லை. வருடம் முழுக்க அது அவருக்குத் திறந்திருக்க வேண்டும், அதற்குத்தான் 24,000.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளும் நிகர மதிப்பு 250 கோடியைத் தொட்ட கம்பெனிகளும் இந்திய கணக்கியல் தரநிலை 115-இன்படி நடக்க வேண்டும். உங்களுக்கு அது வராது. வந்தாலும் இந்த விஷயத்தில் விடை இதேதான்.

ஒரே ஒரு கிளினிக்கை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். சந்தா காலம் 2025 ஜனவரி 15 முதல் 2026 ஜனவரி 14 வரை. இன்வாய்ஸ் 24,000, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 4,320, ஆக மொத்தம் 28,320. இன்வாய்ஸ் போட்ட அன்று கிளினிக்கின் கணக்கில் 28,320 பற்று. எதிர்ப்பக்கம் மத்திய ஜி.எஸ்.டி. 2,160, மாநில ஜி.எஸ்.டி. 2,160 வரவு. மீதி 24,000-ஐ நீங்கள் இதுவரை விற்பனையில் வரவு வைத்திருக்கிறீர்கள். அது போக வேண்டிய இடம் "முன்கூட்டிப் பெற்ற வருமானம்" என்ற பேரேட்டுக் கணக்கு. இது இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கம் உட்காரும் கணக்கு. பேரில் வருமானம் என்று இருந்தாலும் குணத்தில் அது கடன், ஏனென்றால் கிளினிக்குக்கு நீங்கள் இன்னும் 365 நாள் சேவை தர வேண்டியிருக்கிறது.

பிறகு ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அந்தக் கடனில் ஒரு பகுதி தீர்கிறது. ஜனவரியில் 17 நாள், பிப்ரவரியில் 28, மார்ச்சில் 31, கூட்டினால் 76 நாள். ஒரு நாளுக்கு 65 ரூபாய் 75 காசு என்ற கணக்கில் ஜனவரிக்கு 1,118, பிப்ரவரிக்கு 1,841, மார்ச்சுக்கு 2,038. முன்கூட்டிப் பெற்ற வருமானத்தைப் பற்று வைத்து, சந்தா வருமானத்தை வரவு வைக்க வேண்டும். மார்ச் 31 அன்று இந்தக் கிளினிக்கிடமிருந்து நீங்கள் சம்பாதித்தது 4,997 ரூபாய். மீதி 19,003 அடுத்த வருடத்தின் வருமானம். ஏற்கெனவே விற்பனையில் எழுதிவிட்டதால் இந்த இன்வாய்ஸுக்கு இப்போது செய்ய வேண்டியது ஒரே ஜர்னல்: விற்பனை பற்று 19,003, முன்கூட்டிப் பெற்ற வருமானம் வரவு 19,003.

நாள் கணக்கு எதற்கு, மாதக் கணக்கு போதாதா என்று பலர் கேட்பார்கள். மாதத்துக்கு 2,000 என்று வைத்து, ஜனவரிக்கு மட்டும் 31-இல் 17 பங்கு எடுத்தால் 5,097 வரும். ஒரு கிளினிக்குக்கு 100 ரூபாய் வித்தியாசம். எந்த முறையும் தப்பில்லை, ஆனால் ஒன்றை எடுத்துக்கொண்டால் எல்லாக் கிளினிக்குக்கும் எல்லா வருடமும் அதுவே இருக்க வேண்டும். நான் நாள் கணக்கையே சொல்வேன். மாதக் கணக்கில் மாதத்தின் நடுவே தொடங்கும் சந்தாவை ஒருவர் முழு மாதமாக எடுப்பார், இன்னொருவர் விட்டுவிடுவார். ஊழியர் மாறினால் கணக்கும் மாறிவிடும்.

இதற்கு எக்செல் ஒன்று போதும். ஒரு இன்வாய்ஸுக்கு ஒரு வரி. C-இல் ஜி.எஸ்.டி. இல்லாத தொகை, D-இல் சேவை தொடங்கும் நாள், E-இல் முடியும் நாள், H1-இல் எந்தத் தேதிவரை கணக்குப் பார்க்கிறோமோ அந்தத் தேதி.

```
=C2*MAX(0,MIN(E2,$H$1)-D2+1)/(E2-D2+1)
```

இது அந்தத் தேதிவரை சம்பாதித்த மொத்தத்தைத் தரும். போன மாதம் இதே வரியில் வந்த தொகையைக் கழித்தால் இந்த மாத ஜர்னல் கிடைத்துவிடும். முடியும் நாளைக் கவனமாக எழுதுங்கள். ஜனவரி 15-இல் தொடங்கும் சந்தா அடுத்த ஜனவரி 14-இல் முடிகிறது. 15 என்று எழுதினால் புதுப்பித்த பிறகு அந்த ஒரு நாள் இரண்டு சந்தாவிலும் விழும்.

D-யும் E-யும் இன்வாய்ஸிலிருந்துதான் வர வேண்டும் என்பதால், சேவைக் காலம் இன்வாய்ஸில் அச்சாகியிருப்பது அவசியம். தானாகப் போகும் இன்வாய்ஸில் நான் அடிக்கடி பார்க்கும் பிழை இங்கேதான். முதல் வருடம் விவரப் பகுதியில் "15.01.2024 முதல் 14.01.2025 வரை" என்று ஒருவர் கையால் அடித்துவிடுவார். மென்பொருள் அடுத்த வருடமும் அதே வாசகத்தை அப்படியே அனுப்பும். இன்வாய்ஸ் தேதி புதியது, சேவைக் காலம் பழையது. அதை நம்பி அட்டவணை போட்டால், முடிந்துபோன காலத்துக்கான பில் என்று முழுத் தொகையும் உடனே வருமானத்தில் விழும். உங்கள் 40 இன்வாய்ஸில் ஒன்றை இப்போதே திறந்து இந்த வரியைப் பாருங்கள்.

இப்போது கொஞ்சம் சிக்கலான இடத்துக்கு வருகிறேன். போன வருடமும் இதே மாதிரிதான் எழுதியிருக்கிறீர்கள். அதே கிளினிக் 2024 ஜனவரி 15-இலும் 24,000 கட்டியிருந்தால், அந்தச் சந்தா காலம் 366 நாள், ஏனென்றால் 2024 லீப் வருடம். அதில் 77 நாள் 2024 மார்ச்சுக்குள் கழிந்துவிட்டது. மீதி 289 நாளுக்கான 18,951 ரூபாய் உண்மையில் 2024-25-இன் வருமானம். ஆனால் போன வருடமே அதையும் விற்பனையில் காட்டிவிட்டீர்கள். ஆக, இந்தக் கிளினிக்கிடமிருந்து 2024-25-இன் நியாயமான வருமானம் 18,951-உம் 4,997-உம் சேர்ந்த 23,948. நீங்கள் எழுதியிருக்கும் 24,000-க்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை, பார்த்தீர்களா? சந்தா தொகையும் வாடிக்கையாளரும் மாறாத வரை பழைய முறையின் பிழை வெளியே தெரியாது. புதிய கிளினிக்குகள் சேரும் வருடத்தில்தான் லாபம் ஊதிப்போய்த் தெரியும், ஆள் குறையும் வருடத்தில் திடீரென்று வற்றிப்போகும். உங்கள் வளர்ச்சியே இந்தப் பிழையைப் பெரிதாக்கியிருக்கிறது.

அதனால் வருடக் கடைசியில் மட்டும் 19,003-ஐத் தள்ளிவைத்துவிட்டு நிறுத்தினால், இந்த வருடத்துக்கு இந்தக் கிளினிக்கிடமிருந்து வெறும் 4,997 வந்ததாகக் கணக்கு நிற்கும். அது இன்னொரு பொய்யான படம். போன வருடத்தில் தவறாகப் போன 18,951-ஐ இந்த வருடச் சந்தா வருமானத்தில் சேர்த்து, அதே தொகையை, கணக்கியல் தரநிலை 5 சொல்கிறபடி, முந்தைய காலத்து உருப்படி என்று லாப நட்டக் கணக்கில் தனியாகக் கழித்துக் காட்ட வேண்டும். அப்போதுதான் வங்கிக்காரரோ முதலீட்டாளரோ படிக்கும்போது 23,948 என்ற உண்மையான வருமானம் தெரியும். வருமான வரியில், அந்த 18,951-க்குப் போன வருடமே வரி கட்டியாகிவிட்டது. அந்த வருடத்து ரிட்டர்னைத் திருத்தும் கெடு 2024 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. ஆகவே அதே தொகை இந்த வருடம் மறுபடி வரிக்குள் வராதபடி கணக்கீட்டுத் தாளில் காட்ட வேண்டும். ஆடிட்டரிடம் நேரில் உட்கார்ந்து பேச வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

ஜி.எஸ்.டி. இந்தப் பரப்பலை எல்லாம் பார்க்காது. சேவைக்கு, உரிய காலத்துக்குள் இன்வாய்ஸ் போட்டிருந்தால், இன்வாய்ஸ் தேதி, பணம் வந்த தேதி இரண்டில் எது முந்தியதோ அன்றே முழுத் தொகைக்கும் வரி வந்துவிடும். எனவே ஜனவரி இன்வாய்ஸின் 4,320-ஐ முழுதாகக் கட்டியது சரியே. மாதாமாதம் தாக்கல் செய்பவரானால் பிப்ரவரி 20-க்குள் அது போயிருக்க வேண்டும். இதன் விளைவாக, ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் இருக்கும் விற்றுமுதலும் லாப நட்டக் கணக்கில் இருக்கும் வருமானமும் ஒத்துப்போகாது. அதைக் கண்டு பயந்து இரண்டையும் ஒன்றாக்க முயல வேண்டாம். ஒரு தாளில் எழுதி வையுங்கள்: ரிட்டர்ன்படி விற்றுமுதல், கூட்டு வருடத் தொடக்கத்தில் இருந்த முன்கூட்டிப் பெற்ற வருமானம், கழி வருடக் கடைசியில் இருப்பது, வருவது புத்தக வருமானம். இந்தத் தாள் இருந்தால் நோட்டீஸ் வந்தாலும் பதில் கையில் இருக்கும்.

டி.டி.எஸ்.-இலும் இதே போல ஒரு விலகல் வரும். நாளைக்கு ஒரு பெரிய மருத்துவமனை மூன்று வருடச் சந்தாவை ஒரே தடவையில் எடுத்தால், பிடித்தத்தை முழுத் தொகைக்கும் ஒரே நாளில் செய்துவிடுவார்கள். வருமானம் பல வருடங்களில் வரிக்கு வரும்போது, பிடித்த வரியின் வரவையும் அதே விகிதத்தில் பிரித்துத்தான் எடுக்க முடியும் என்று வருமான வரி விதி 37பிஏ சொல்கிறது. முதல் வருடமே முழு வரவையும் கேட்டால் துறையின் கணினி பொருந்தவில்லை என்று திருப்பிவிடும்.

தானாகப் போகும் இன்வாய்ஸைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், அதில் உங்கள் கைப்பணமே போகிறது. புதுப்பிக்க விருப்பமில்லாத கிளினிக் பெரும்பாலும் சொல்லிக்கொண்டு போகாது. போனை எடுக்காது, அவ்வளவுதான். ஆனால் புதுப்பிக்கும் தேதி வந்ததும் மென்பொருள் 28,320-க்கு இன்வாய்ஸை அனுப்பிவிடும். பணம் வரவே வராது. 4,320 ஜி.எஸ்.டி.யை நீங்கள் கட்டியிருப்பீர்கள். கடனாளிகள் கணக்கும் முன்கூட்டிப் பெற்ற வருமானமும் இரண்டு பக்கமும் சேர்ந்தே வீங்கும். பணமும் வராமல் சேவையும் நடக்காமல் இருக்கும் அந்த 24,000-ஐ மாதாமாதம் வருமானத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தால் அது கற்பனை வருமானம்.

கிரெடிட் நோட் போட்டு ஜி.எஸ்.டி.யைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கும் கெடு உண்டு. 2024-25-இல் போட்ட இன்வாய்ஸுக்கான கிரெடிட் நோட்டை 2025 நவம்பர் 30-க்குள் ரிட்டர்னில் காட்ட வேண்டும். ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அந்தத் தேதியோடு சரி. மார்ச்சில் புதுப்பித்த கிளினிக் டிசம்பரில் வந்து மீதிப் பணத்தைக் கேட்டால், நீங்கள் திருப்பித் தரலாம், வரியை உங்கள் ரிட்டர்னில் குறைக்க வழி கிடையாது. கிளினிக்குகளின் மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால், நீங்கள் வசூலிக்கும் 4,320-ஐ அவர்களும் உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாது. அவர்களுக்கு அது செலவு. எனவே வரியோடு சேர்த்துத்தான் திருப்பிக் கேட்பார்கள்.

ஆகவே புதுப்பித்தலுக்கு மென்பொருள் தானாக அனுப்புவது ப்ரோஃபார்மா இன்வாய்ஸாக இருக்கட்டும். 15 நாள் முன்பே போகட்டும். பணம் வந்ததும், அல்லது கிளினிக் எழுத்தில் சரி என்றதும், வரி இன்வாய்ஸ் போடுங்கள். பணம் வந்துவிட்டால் அன்றே வரிப் பொறுப்பும் வந்துவிடும் என்பதால் இன்வாய்ஸைத் தாமதிக்க வேண்டாம். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே, வராத பணத்துக்கு வரி கட்டுவது நின்றுவிடும்.

செட்டப் கட்டணம் 6,000-ஐப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் ஆடிட்டர் கேட்பார். அந்த 6,000-க்கு நீங்கள் செய்வது லாகின் உருவாக்குவதும் பழைய நோயாளிப் பட்டியலை ஏற்றுவதும் மட்டும் என்றால், சந்தா இல்லாமல் அதனால் கிளினிக்குக்கு ஒரு பயனும் இல்லை. அதைச் சந்தாவோடு சேர்த்தே பரப்புங்கள். வரவேற்பறை ஊழியர்களுக்கு நேரில் போய் இரண்டு நாள் பயிற்சி தந்து, அதற்கென்று தனி விலையும் வைத்திருந்தால், பயிற்சி முடிந்த அன்று வருமானமாக எடுக்கலாம்.

கடைசியாக, எல்லா ஜர்னலும் போட்ட பிறகு கணக்கு சரிதானா என்று பார்க்கும் முறை. சில வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனியின் புத்தகத்தை முதன்முதலாகத் திறந்தபோது, முன்கூட்டிப் பெற்ற வருமானக் கணக்கில் இருந்த இருப்பு அவர்கள் ஒரு வருடம் முழுக்கப் போட்ட இன்வாய்ஸின் கூட்டுத்தொகையை விடப் பெரிதாக இருந்தது. எல்லாச் சந்தாவும் ஓராண்டுச் சந்தாதான். அப்படி வரவே முடியாது. வரவு வைப்பது தானாக நடந்தது, மாதக் கடைசி ஜர்னலை ஒருவர் கையால் போட்டுவந்தார், அவர் வேலையை விட்டுப் போன பிறகு யாரும் போடவில்லை. முடிந்துபோன சந்தாக்களெல்லாம் கடனாகவே நின்றன. அன்றிலிருந்து அட்டவணையைப் பார்ப்பதற்கு முன் குத்துமதிப்பாக ஒரு தொகையைத் தாளில் போட்டுக்கொள்வது என் வழக்கம்.

உங்களுக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை புதுப்பிக்கும் 40 கிளினிக்குகளின் சராசரித் தேதி பிப்ரவரி நடு. மார்ச் கடைசியில் ஒன்றரை மாதம் கழிந்து பத்தரை மாதம் மீதி, ஒன்றுக்கு 21,000, ஆக 8,40,000. மற்ற 20 கிளினிக்கும் ஏப்ரல் முதல் டிசம்பர் வரை பரவியிருந்தால் சராசரி ஆகஸ்ட் நடு, மீதி நாலரை மாதம், ஒன்றுக்கு 9,000, ஆக 1,80,000. மொத்தம் ஏறக்குறைய 10,20,000. உச்ச எல்லை 60 கிளினிக்கின் முழுச் சந்தாவான 14,40,000. செட்டப் கட்டணத்தை இதில் சேர்க்கவில்லை. மார்ச் 31 அன்று உங்கள் பேரேட்டில் 10 லட்சத்தை ஒட்டி நின்றால் அட்டவணை சரி. 15 லட்சம் நின்றால் மாத ஜர்னல் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. 6 லட்சம்தான் நின்றால் சில இன்வாய்ஸ்கள் இன்னும் நேராக விற்பனைக்கே போய்க்கொண்டிருக்கின்றன. அப்போது பில்லிங் மென்பொருளில் சந்தா என்ற ஐட்டத்தைத் திறந்து, அதன் வருமானக் கணக்கு என்ற இடத்தில் எந்த லெட்ஜர் இருக்கிறது என்று பாருங்கள்.